ஊருக்குத் திரும்பிய ஆண்டில் நாட்களை எண்ணுவது எப்படி? வருமான வரிக் கணக்குக்கு முன் செய்ய வேண்டியவை

திருவாரூர், மன்னார்குடி, நீடாமங்கலம், மயிலாடுதுறைப் பக்கம் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர் இருப்பார். அவர்களில் பலருக்கு ஆண்டுதோறும் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் நான் கண்டது இதுதான்: வருமானத்தைக் கூட்டுவதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. அதற்கு முன்னால் வரும் நாள் கணக்கில்தான் தவறுகிறார்கள். அதிலும் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிற ஆண்டில் தவறு நிச்சயம் என்றே சொல்லலாம். அதனால் அந்த ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உதாரணமாக, நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவரின் கணக்கைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகள் கட்டுமான வேலையில் இருந்தவர். 2026 ஜனவரியில், பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். 2025-26ஆம் நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு, அவர் எந்த நிலையில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

இந்த ஆண்டுக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், இங்கே பேசுகிற நாள் வரம்புகள் அதிலும் இவையே.

## 1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டை எடுங்கள். இப்போதைய பாஸ்போர்ட் மட்டும் போதாது, பழையதும் வேண்டும். இந்தக் கணக்குக்கு முந்தைய 7 நிதியாண்டுகளின் நாட்கள் தேவைப்படும். அதற்குள் பலர் ஒருமுறை பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருப்பார்கள். மூலை வெட்டித் திருப்பிக் கொடுக்கப்பட்ட பழைய பாஸ்போர்ட், வீட்டில் நிலப் பத்திரங்களோடு சேர்ந்து எங்காவது கிடக்கும். தேடி எடுத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

நமக்கு வேண்டியது இந்தியக் குடியேற்ற அதிகாரிகள் வைத்த முத்திரைகள். சிங்கப்பூர் முத்திரை இல்லையே என்று சிலர் பதறுகிறார்கள். அங்கே வேலை அனுமதி வைத்திருப்பவர்கள் தானியங்கி வாயில் வழியாகப் போய்வருவதால் முத்திரை விழுவதில்லை. இந்தியாவில் இருந்த நாட்களைத்தான் எண்ணப்போகிறோம் என்பதால் அது இல்லாமல் போனாலும் பாதகமில்லை.

முத்திரை மங்கியிருந்தால், பக்கம் கிழிந்திருந்தால், அல்லது இந்திய விமான நிலையத்திலேயே தானியங்கி வாயில் வழியாகப் போய் முத்திரை விழாமல் இருந்தால், விமான டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் தேடுங்கள். டிக்கெட் போட்ட மின்னஞ்சல் பெரும்பாலும் இருக்கும். ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தவர்கள் அவரிடமே பழைய பயண விவரத்தைக் கேட்டு வாங்கலாம்.

இவற்றோடு, வேலையை விட்டதற்கான தாளையும் எடுத்து வையுங்கள். வேலை அனுமதி ரத்தான கடிதம், நிறுவனம் கொடுத்த விடுவிப்புக் கடிதம், சிங்கப்பூர்க்காரர்கள் என்றால் வேலையை விடும்போது முதலாளி தாக்கல் செய்யும் ஐஆர்21 வரிப் படிவத்தின் நகல், இவற்றில் எது இருந்தாலும் சரி. நாள் கணக்குக்கு இது எதற்கு என்று தோன்றும். அடுத்த படியே இதில்தான் நிற்கிறது.

## 2. எண்ணுவதற்கு முன்: வந்துபோனவரா, வந்துவிட்டவரா?

பெரும்பாலானோர் நேரே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். எண்ணி முடித்ததும், "182 நாள் ஆகவில்லை, அப்படியென்றால் நான் என்ஆர்ஐ" என்று முடிவுக்கு வருகிறார்கள். 182 என்பது எல்லோருக்கும் உரிய வரம்பு இல்லை.

சட்டத்தின் பொது விதியில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. அந்த நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். இது முதல் வாசல். அந்த ஆண்டில் 60 நாட்களோ அதற்கு மேலோ இருந்து, அதற்கு முந்தைய 4 நிதியாண்டுகளில் மொத்தம் 365 நாட்களோ அதற்கு மேலோ இருந்திருந்தாலும் வசிப்பவர்தான். இது இரண்டாவது வாசல். இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும்.

இரண்டாவது வாசலில் உள்ள 60ஐ 182 ஆக உயர்த்தி, இரண்டு வகையினருக்குச் சலுகை தந்திருக்கிறார்கள். ஒருவர், வேலைக்காக அந்த ஆண்டில் இந்தியாவை விட்டுப் போகும் இந்தியக் குடிமகன். மற்றவர், வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவுக்கு வந்துபோகிற இந்தியக் குடிமகன் அல்லது இந்திய வம்சாவளியினர். ஊரில் எல்லோரும் சொல்லும் "182 நாள்" இந்தச் சலுகையிலிருந்து வந்தது.

வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புபவர் இந்த இரண்டிலும் இல்லை. அவர் போகிறவரும் அல்ல, வந்துபோகிறவரும் அல்ல, வந்துவிட்டவர். அவருக்கு 60 நாள் வரம்பே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, ஆடியில் வந்தபோது லீவில்தானே வந்தேன், அந்த நாளையும் ஏன் சேர்க்கிறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் பார்ப்பது ஆண்டு முழுவதுக்குமான மொத்த நாட்களை. ஜனவரியில் நிரந்தரமாக வந்துவிட்ட பிறகு, ஆகஸ்டில் விடுமுறையில் வந்த நாட்களும் அதே மொத்தத்தில்தான் சேரும்.

வந்துபோகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெளிநாட்டு வருமானம் தவிர்த்த மொத்த வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அவர்களுக்கு 182க்குப் பதில் 120 நாட்களே வரம்பு. விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு இருப்பதால் வயலில் வரும் பணம் இந்த 15 லட்சத்தில் சேராது. ஆனால் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு வீட்டு மனையை விற்றால் அந்த லாபம் சேரும். வழக்கமாக 3 லட்சம் வருமானம் காட்டுகிறவர் கூட, மனை விற்ற ஆண்டில் இந்த வரம்புக்குள் விழுந்துவிடுவார். இதே 15 லட்சத்தைத் தாண்டி, வேறு எந்த நாட்டிலும் வரி செலுத்தும் கடமை இல்லாத இந்தியக் குடிமகனாக இருந்தால், ஒரு நாள் கூட இங்கே இல்லாவிட்டாலும் வசிப்பவராகவே கருதப்படுவார். வளைகுடாவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

## 3. பயணங்களை ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு பயணத்துக்கு ஒரு வரி. இந்தியாவுக்குள் வந்த தேதி, இந்தியாவை விட்டுப் போன தேதி, எந்த விமான நிலையம், ஆதாரம் எது. வெளிநாட்டில் இருந்த நாட்களை எழுதி 365இலிருந்து கழிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டாம். கழிக்கும்போது போகும் நாளும் வரும் நாளும் எந்தப் பக்கம் சேர்ந்தன என்பது தெரியாமல் போய்விடும்.

திருச்சியிலிருந்து கிளம்பும் நள்ளிரவு விமானங்கள் இங்கே தனித் தலைவலி. அண்ணனின் பாஸ்போர்ட்டில் 2025 ஆகஸ்டு 18 என்று புறப்பாட்டு முத்திரை இருந்தது. டிக்கெட்டில் ஆகஸ்டு 19. இரண்டும் சரிதான். இரவு பதினொன்றே முக்காலுக்குக் குடியேற்றச் சோதனை முடிந்திருக்கிறது, விமானம் ஏறியது நள்ளிரவு தாண்டி. 19ஆம் தேதியின் முதல் ஒரு மணி நேரம் அவர் இந்திய மண்ணில்தான் இருந்திருக்கிறார். அதனால் 19 என்றே எழுதினேன். வரும்போதும் இப்படியே: விமானம் இரவு 11.50க்குத் தரையிறங்கி முத்திரை அடுத்த நாள் தேதியில் விழுந்திருந்தால், இறங்கிய தேதியை எழுதுங்கள். சந்தேகம் வரும் இடத்தில் நாளைக் கூட்டுகிற பக்கமே நின்றால், பிறகு யாராவது கேட்டாலும் எண்ணிக்கை உங்களுக்கு எதிராக மாறாது.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கு முத்திரைத் தேதியோடு வேலை முடிவதில்லை. சர்வதேசப் பயணம் போகும் கப்பல்களில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்களுக்கு, கப்பல் பணியாளரின் பதிவேடான சிடிசி புத்தகத்தில் பதிவான ஏறிய தேதி முதல் இறங்கிய தேதி வரை இந்திய நாட்களாக எண்ண வேண்டாம் என்று தனி விதி இருக்கிறது. எல்லாப் பயணத்துக்கும் அது பொருந்தாது என்பதால், சிடிசி புத்தகத்தோடு பயணம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

## 4. எண்ணுவது

வந்த நாளையும் போன நாளையும் இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். போன தேதியிலிருந்து வந்த தேதியைக் கழித்தால் ஒரு நாள் குறையும். அதனால் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆகஸ்டு 2 முதல் 19 வரை 17 நாட்கள் அல்ல, 18.

ஆண்டு என்பது ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது. சிங்கப்பூரில் வரி ஆண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. அங்கே 183 நாள் என்று ஒரு வரம்பும் உண்டு. அந்த நினைப்பிலேயே இங்கேயும் ஜனவரியிலிருந்து எண்ணுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மார்ச் 31ஐத் தாண்டி நீளும் பயணத்தை அந்தத் தேதியில் இரண்டாக வெட்ட வேண்டும்.

கணினியில் விரிதாள் பயன்படுத்தினால், வந்த தேதி A பத்தியிலும் போன தேதி B பத்தியிலும் இருக்கட்டும். 2025-26க்கான நாட்களுக்கு இந்தச் சூத்திரம்:

```
=MAX(0,MIN($B2,DATE(2026,3,31))-MAX($A2,DATE(2025,4,1))+1)
```

மற்ற ஆண்டுகளுக்கு ஆண்டெண்ணை மட்டும் மாற்றிப் பக்கத்துப் பத்திகளில் போடுங்கள். மார்ச் 31ஐத் தாண்டிய பயணத்தைச் சூத்திரமே வெட்டிக்கொள்ளும், லீப் ஆண்டையும் பார்த்துக்கொள்ளும். இன்னும் திரும்பிப் போகாதவர்கள் B பத்தியில் 2026 மார்ச் 31 என்று போட்டால் போதும்.

விரிதாளில் ஒரே ஒரு ஆபத்து. 08/02/2023 என்று அடித்தால், கணினியின் அமைப்பைப் பொறுத்து அதைப் பிப்ரவரி 8 என்றும் எடுத்துக்கொள்ளும், ஆகஸ்டு 2 என்றும் எடுத்துக்கொள்ளும். மாதத்தை எழுத்தில் காட்டும்படி பத்தியின் வடிவத்தை மாற்றிவிட்டு, ஒவ்வொரு வரியையும் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். முப்பது நாள் விடுமுறைக்கு இருநூறு சொச்சம் நாள் காட்டினால் அங்கேதான் தவறு.

அண்ணனின் 2025-26 கணக்கு எளிது. ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள், ஆகஸ்டு 2இல் வந்து 19இல் போனது 18 நாட்கள். ஜனவரி 11இல் வந்து மார்ச் 31 வரை இருந்தது 21, 28, 31 சேர்ந்து 80 நாட்கள். மொத்தம் 98.

98 என்பது 182க்குக் குறைவு, 60க்கு அதிகம். எனவே முதல் வாசல் மூடியிருக்கிறது, இரண்டாவதின் பாதி திறந்திருக்கிறது. ஆகஸ்டில் வராமல் இருந்திருந்தால், பிப்ரவரி 1 அல்லது அதற்குப் பிறகு திரும்பியிருந்தாலே 60ஐத் தொட்டிருக்காது. ஜனவரி 31 முதல் மார்ச் 31 வரை சரியாக 60 நாட்கள். ஆகஸ்டின் 18 நாட்கள் ஏற்கெனவே செலவாகிவிட்டதால், அவர் பிப்ரவரி 19 வரை காத்திருந்திருக்க வேண்டும். திரும்பும் தேதி இன்னும் உங்கள் கையில் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே இந்தக் கழித்தலைச் செய்துபாருங்கள்.

## 5. முந்தைய 4 ஆண்டுகள்: 361ஆ, 366ஆ?

அண்ணன் என்னிடம் வரும்போதே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான்கு பயணங்கள், மொத்தம் 361 நாட்கள். 365க்குக் குறைவு, எனவே தான் வசிக்காதவர் என்று அடியில் கோடு போட்டிருந்தார். அந்தப் பயணங்கள் இவை:

- 2021 டிசம்பர் 20 முதல் 2022 ஜனவரி 28 வரை
- 2023 ஜனவரி 10 முதல் பிப்ரவரி 8 வரை
- 2023 நவம்பர் 18 முதல் 2024 ஜூன் 30 வரை, ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை ஊரில் இருந்தது
- 2024 டிசம்பர் 12 முதல் 2025 பிப்ரவரி 19 வரை, அம்மாவின் சிகிச்சைக்காக

அவர் ஒவ்வொன்றிலும் தேதியைத் தேதியால் கழித்திருந்தார். அதனால் பயணத்துக்கு ஒரு நாள் வீதம் நான்கு நாட்கள் விட்டுப்போயின. மூன்றாவது பயணத்தில் 2024 பிப்ரவரிக்கு 28 நாள் போட்டிருந்தார். அது லீப் ஆண்டு, 29 நாள். மொத்தம் ஐந்து நாட்கள் குறைந்துவிட்டன.

சரியாக எண்ணினால் 2021-22இல் 40, 2022-23இல் 30. நீளமான அந்த மூன்றாவது பயணத்தை மார்ச் 31இல் வெட்டினால் 2023-24க்கு 135 நாட்களும் 2024-25க்கு 91 நாட்களும் வரும். கடைசிப் பயணத்தின் 70ஐச் சேர்த்தால் 2024-25க்கு மொத்தம் 161. நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் 366.

365ஐ ஒரே நாளில் தாண்டிவிட்டார். இரண்டாவது வாசலின் மறுபாதியும் திறந்துவிட்டது. 2025-26இல் அவர் இங்கே வசிப்பவர்.

## 6. வந்த நாளை விட்டுவிடலாமா?

இந்த இடத்தில், விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்தியாவுக்குள் வந்த நாளை எண்ணத் தேவையில்லை என்று வருமான வரித் தீர்ப்பாயங்கள் சில வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. வந்த நாளையும் போன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்ற கருத்தும் பதிவாகியிருக்கிறது. வந்த நாட்களை விட்டுவிட்டால் அண்ணனின் 366 என்பது 362 ஆகிவிடும். அவர் வசிக்காதவர் ஆகிவிடுவார்.

நான் அந்த வழியில் போகச் சொல்லவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் வித்தியாசத்தில் நிற்கிற கணக்கை வழக்குத் தீர்ப்பின் பலத்தில் தாக்கல் செய்தால், துறை கேள்வி கேட்கும்போது வாதாட வேண்டியவர் நீங்கள். அந்த வாதத்தில் ஜெயித்து என்ன கிடைக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அண்ணன் விஷயத்தில் எதுவும் கிடைக்காது, இருப்பதும் கொஞ்சம் போகும். அதற்குக் காரணம் அடுத்த படியில் இருக்கிறது. பலர் அந்தப் படிக்குப் போகாமல் ஐந்தாவது படியிலேயே பயந்து நின்றுவிடுகிறார்கள்.

## 7. வசிப்பவர் என்றால் எந்த வகை வசிப்பவர்?

வசிப்பவர் என்று முடிவானதும், "சிங்கப்பூர்ச் சம்பளம் முழுவதுக்கும் இங்கே வரி கட்ட வேண்டுமா?" என்று முகம் வாடிப்போகிறது. அண்ணனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. வசிப்பவரில் இரண்டு வகை உண்டு. சாதாரணமாக வசிப்பவர் உலகம் முழுவதும் ஈட்டிய வருமானத்தை இங்கே காட்ட வேண்டும். சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர் என்ற வகையினருக்கு வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெற்ற சம்பளம் இங்கே வரிக்கு வராது. வங்கியிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் இவர்களை ஆர்என்ஓஆர் என்பார்கள்.

ஊர் திரும்பியவர் இந்த வகைக்கு வர இரண்டு வழிகள். முந்தைய 10 நிதியாண்டுகளில் 9இல் வசிக்காதவராக இருந்திருக்க வேண்டும். அல்லது முந்தைய 7 நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இதிலும் ஒன்று போதும். நான் எப்போதும் இரண்டாவதையே முதலில் பார்ப்பேன். முதலாவதற்குப் பத்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டின் நிலையையும் தனித்தனியே முடிவுசெய்ய வேண்டும். இரண்டாவதற்கு நாட்களைக் கூட்டினால் போதும், அதில் பாதியை ஏற்கெனவே கூட்டிவிட்டோம்.

அண்ணனுக்கு 2018-19இல் 31 நாட்கள், 2019-20இல் 27 நாட்கள். 2020-21இல் கொரோனா காலம் முழுக்க சிங்கப்பூர் விடுதியிலேயே அடைபட்டிருந்தார், ஒரு நாளும் இல்லை. ஏற்கெனவே எண்ணிய 366ஐச் சேர்த்தால் 424. இது 729க்கு வெகு தூரம். அவர் சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர். கொரோனா காலத்தில் இதற்கு மாறாக ஊரில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தவர்கள் அந்த ஆண்டைக் கவனமாக எண்ண வேண்டும். 729ஐத் தாண்ட வைப்பது பெரும்பாலும் அந்த ஆண்டுதான்.

இப்போது லாப நட்டத்தைப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜனவரி வரை சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளத்துக்கு, அவர் வசிக்காதவராக இருந்தாலும் வரி இல்லை, இந்த நிலையிலும் வரி இல்லை. அங்கே பெற்றுக்கொண்ட பணத்தைப் பிறகு ஊருக்கு அனுப்பினாலும் அது இங்கே பெற்ற வருமானம் ஆகாது. ஆனால் இந்திய வருமானத்தில் வித்தியாசம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ கணக்கின் வைப்பு வட்டியும் இரண்டு கடைகளின் வாடகையும் சேர்ந்து, கழிவுகள் போக அவருக்கு 5,40,000 ரூபாய். புதிய வரி முறையில் வசிப்பவருக்கு 12 லட்சம் வரை 87ஏ பிரிவின்படி வரித் தள்ளுபடி உண்டு. அதனால் வரி ஏதுமில்லை. வசிக்காதவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட 1,40,000க்கு 5 சதவீதம், அதன்மேல் 4 சதவீத மேல்வரி சேர்த்து 7,280 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வசிக்காதவர் என்று காட்டிக்கொள்ள அவர் பாடுபட்டிருந்தால், இந்தப் பணத்தைக் கட்டுவதற்காகத்தான் பாடுபட்டிருப்பார்.

வங்கி ஏற்கெனவே என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் மேல்வரியும் பிடித்திருக்கும். அதைத் திரும்பப் பெறுவதற்கும் இதே தாக்கல்தான் வழி.

## 8. வங்கியின் என்ஆர்ஐ வேறு, வரியின் என்ஆர்ஐ வேறு

அண்ணன் போகும்போது, "வங்கியில் நான் இன்னும் என்ஆர்ஐதானே தம்பி?" என்றார். இதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கின் நிலை அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அமைவது. நிரந்தரமாக இருக்க வந்துவிட்டால், நாள் எத்தனை என்று பார்க்காமல், அந்தச் சட்டப்படி உள்நாட்டவர் ஆகிவிடுவீர்கள். வந்த பிறகும் வங்கிக்குச் சொல்லாமல், வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்பிவைத்த என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருந்து, அதன் வட்டிக்கு வரியில்லை என்று காட்டுவது தவறு. என்ஆர்இ வட்டிக்கான விலக்கு வெளிநாட்டில் வசிப்பவருக்கு உரியது. ஜனவரி 11க்குப் பிறகான வட்டியை அண்ணனின் இந்திய வருமானத்தில் சேர்த்தேன். அவரை வங்கிக்குப் போய் கணக்குகளை உள்நாட்டுக் கணக்குகளாக மாற்றச் சொன்னேன்.

## 9. படிவத்தில் எழுதுவது

சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர் ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது. தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு ஐடிஆர்-2. அதன் தொடக்கப் பகுதியில் வசிப்பு நிலை கேட்கப்படும். அங்கே `Resident but not Ordinarily Resident` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்கீழ் எந்த நிபந்தனையால் அந்த நிலை வந்தது என்று தனியே கேட்கும். அண்ணனுக்கு முந்தைய 7 ஆண்டுகளில் 729 நாட்களுக்கு உட்பட்டது என்பதே பதில். வசிக்காதவர் என்று தேர்ந்தெடுப்பவர்களிடம் இந்த ஆண்டின் நாட்களையும் முந்தைய 4 ஆண்டுகளின் நாட்களையும் எண்ணிலேயே கேட்பார்கள். அங்கே உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டவர்களை அறிவேன். உங்கள் விரிதாளில் உள்ள எண்தான் அங்கே வர வேண்டும்.

வெளிநாட்டுச் சொத்துகளை விவரிக்கும் அட்டவணையைச் சாதாரணமாக வசிப்பவர் மட்டுமே நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் பணம் மிச்சமிருந்தாலும் அண்ணன் இந்த ஆண்டு அதை எழுதத் தேவையில்லை.

## 10. தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

இந்த நிலை என்றைக்கும் நீடிக்காது. அது எப்போது முடியும் என்பதையும் அதே தாளில் கண்டுபிடிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் 7 ஆண்டுகளின் சாளரம் ஒரு கட்டம் நகர்கிறது. பின்னால் ஓர் ஆண்டு கழன்று, முன்னால் ஓர் ஆண்டு சேர்கிறது.

2026-27இல் அண்ணன் ஆண்டு முழுவதும் ஊரில்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் சாளரம் 2019-20 முதல் 2025-26 வரை. 2018-19இன் 31 நாட்கள் கழன்று, 2025-26இன் 98 சேர்வதால் 491. அப்போதும் சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர்தான். 2027-28இல் 2019-20இன் 27 கழன்று, முழு ஆண்டின் 365 நாட்கள் சேர்கின்றன. மொத்தம் 829, 729ஐத் தாண்டிவிட்டது. பத்தில் ஒன்பது என்ற வழியும் உதவாது. முந்தைய 10 ஆண்டுகளில் 2025-26, 2026-27 ஆகிய இரண்டில் அவர் வசிப்பவராக இருந்திருப்பார்.

எனவே 2027-28 முதல் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் இருக்கும் பணமும், அதன் வட்டியும், அங்கே வேறு ஏதேனும் முதலீடு இருந்தால் அதுவும் இங்கே படிவத்தில் ஏற வேண்டும். அந்தக் கணக்கை அதுவரை வைத்திருப்பதா, அதற்கு முன்பே முடித்துப் பணத்தைக் கொண்டுவந்துவிடுவதா என்று முடிவெடுக்க அண்ணனுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம் இருக்கிறது. அந்தத் தேதியைத் தாளின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, இரண்டு பாஸ்போர்ட்டுகளோடும் சேர்த்து ஒரே உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.